பார்சலுக்குள் வைக்கும் நன்றி அட்டையில் என்ன எழுதுவது? (600 அட்டை வீணாகிக் கிடக்கிறது)

தறிவீடு (சென்னிமலை), 3 ஜூன் 2024, இரவு 9.40

சென்னிமலையிலிருந்து படுக்கை விரிப்புகளையும் போர்வைகளையும் இணையத்தில் விற்கிறேன். மாதம் அறுபது, எழுபது பார்சல்கள் போகின்றன. அவற்றில் பாதி ஒரு பெரிய சந்தைத் தளத்தின் வழியாகவும், மீதி வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக நேரடியாகவும் போகின்றன. எல்லாப் பார்சலிலும் ஒரே நன்றி அட்டையைத்தான் வைத்து வந்தேன். அதில் இருந்த வாசகம் இது:

"எங்களிடம் வாங்கியமைக்கு மனமார்ந்த நன்றி. ஐந்து நட்சத்திரம் வழங்கி, அதன் ஸ்கிரீன்ஷாட்டை இந்த எண்ணுக்கு அனுப்பினால் ரூ.50 உங்கள் கணக்குக்கு வரும். அடுத்த முறை நேரடியாக எங்களிடமே வாங்கினால் 10% தள்ளுபடி."

சென்ற வாரம் அந்தத் தளத்திலிருந்து எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. எங்கள் அட்டையின் புகைப்படமே அதில் இணைக்கப்பட்டிருந்தது. வாங்கியவர்களில் யாரோ எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். ஆயிரம் அட்டை அடித்ததில் இன்னும் 600 கையில் இருக்கிறது. நட்சத்திர வரியை மட்டும் கறுப்பு மார்க்கரால் அடித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா?

பல்லடத்து அக்கா, 4 ஜூன், காலை 6.15

அடிக்காதீர்கள் தம்பி. அடித்த வரியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்காத மனிதர் இந்த உலகத்தில் இல்லை.

ஏழு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கான பின்னலாடை விற்று வருகிறேன். ஒரு முறை இதே பள்ளத்தில் விழுந்தும் இருக்கிறேன். உங்கள் அட்டையில் இருப்பது ஒரு தவறு அன்று, இரண்டு. மதிப்புரைக்குப் பணம் தருவதாகச் சொன்னது முதல் தவறு. அமேசான் இதை 2016 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டது. கூகுளின் மதிப்புரை விதிகளும் பணமோ தள்ளுபடியோ காட்டி மதிப்புரை கேட்கக் கூடாது என்கின்றன. ஐந்து நட்சத்திரம் என்று குறிப்பிட்டதால்தான் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். "எந்த நட்சத்திரம் போட்டாலும் ரூ.50" என்று எழுதியிருந்தாலும் மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது தவறை நிறையப் பேர் கவனிப்பதில்லை. தளம் பிடித்துக் கொடுத்த வாடிக்கையாளரை "நேரடியாக வாருங்கள்" என்று வெளியே அழைத்திருக்கிறீர்கள். நட்சத்திர வரியை விட இந்த வரிக்குத்தான் தளங்களுக்குக் கோபம் அதிகம் வருகிறது என்பது என் அனுபவம். நேரடியாக வாங்கியவருக்கு இதே வரியைத் தாராளமாக எழுதலாம். ஆகவே உங்களுக்கு இரண்டு அட்டைகள் வேண்டும்.

ஈரோட்டு மஞ்சள், 4 ஜூன், காலை 11.02

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து மதிப்புரை வாங்குவது இப்போது இந்தியாவில் சட்டப்படிக் குற்றம். IS 19000:2022 என்று ஒரு தரம் வந்துவிட்டது; அதை மீறினால் தண்டனை உண்டு. அதனால் நான் என் மஞ்சள்தூள் பார்சலில் பாதுகாப்பாக எழுதிவிட்டேன்: "பிடித்திருந்தால் மதிப்புரை எழுதுங்கள், பிடிக்காவிட்டால் எங்களை அழையுங்கள்." இதில் எந்த வம்பும் இல்லை.

பல்லடத்து அக்கா, 4 ஜூன், பிற்பகல் 2.30

மஞ்சள் அண்ணா பாதி சரி, பாதி தவறு. IS 19000 இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தரம்தான். 2022 நவம்பரில் வெளியானபோது, விரும்பியவர்கள் பின்பற்றலாம் என்ற நிலையில்தான் வந்தது. அதற்காகச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் இருப்பது வேறு: விற்பவரே வாங்கியவர் போல வேடமிட்டு மதிப்புரை எழுதக் கூடாது. மச்சினன் கைப்பேசியிலிருந்து ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள்தான் அதைக் கவனிக்க வேண்டும்.

நீங்கள் பாதுகாப்பு என்று நினைக்கும் வரியே வம்புதான் அண்ணா. பிடித்தவரை மட்டும் பொதுவெளிக்கு அனுப்பி, பிடிக்காதவரைத் தனியாக ஒதுக்குகிறது அந்த வரி. கூகுள் இதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. எல்லோரிடமும் ஒரே வார்த்தையில் கேட்க வேண்டும். குறை சொல்லும் வழியையும் கொடுக்கலாம், ஆனால் "பிடிக்காவிட்டால்" என்ற நிபந்தனை இல்லாமல், தனி வரியாகக் கொடுக்க வேண்டும். இடையில் ஒரு "ஆனால்" வந்தாலே சல்லடை ஆகிவிடும்.

ஈரோட்டு மஞ்சள், 4 ஜூன், பிற்பகல் 3.10

என்னிடமும் 400 அட்டை இருக்கிறது. தறிவீட்டுத் தம்பி மார்க்கர் எந்தக் கடையில் வாங்குகிறார் என்று சொல்லவும்.

தறிவீடு, 6 ஜூன், இரவு 10.20

இரண்டு நாள் யோசித்ததில் என் கேள்வியே தவறு என்று தோன்றுகிறது. எதை எழுதினால் மாட்டிக்கொள்ளாமல் நட்சத்திரம் வரும் என்றுதான் கேட்டிருக்கிறேன்.

பார்சல் கட்டுவது எங்கள் அத்தை. அட்டை விஷயத்தை அவரிடம் சொன்னபோது, டேப்பைப் பல்லால் கிழித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "ஏங் கண்ணு, பிரிச்ச ஒடனே நட்சத்திரம் கேக்கறயே, அவங்க இன்னும் போர்வைய ஒதறிக்கூடப் பாக்கலியே." அது உறைத்தது. சந்தைத் தளத்தில் எங்களுக்கு வந்த மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழானவையுமான மதிப்புரைகளை எல்லாம் எடுத்துப் படித்தேன். மொத்தம் பதினொன்று. அவற்றில் ஏழு, முதல் முறை துவைத்த பிறகு எழுதப்பட்டவை. நான்கு பேர் சாயம் போனது என்கிறார்கள். ஒருவருடைய வெள்ளைச் சட்டை இளஞ்சிவப்பாக மாறிய படமே இருக்கிறது. மூன்று பேர் விரிப்பு சுருங்கிவிட்டது என்கிறார்கள். பார்சலைப் பிரித்தபோது எல்லோருக்கும் பிடித்துத்தான் இருந்திருக்கிறது. நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட மதிப்புரைகள் வாளியில் உருவானவை.

அட்டையில் பாதியைத் துவைக்கும் முறைக்கு ஒதுக்கினால் என்ன?

காங்கேயம் செக்கு, 7 ஜூன், காலை 8.45

அட்டை விஷயத்தில் என் அனுபவத்தையும் சொல்கிறேன். நாங்கள் மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் அனுப்புகிறோம். மூடியில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் அட்டை முழுவதும் ஊறி, எழுத்து மறுபுறம் தெரியும் அளவுக்கு ஆகிவிடுகிறது. இப்போது அட்டையைச் சிறிய ஜிப் கவரில் போட்டு, பெட்டியின் மேல்மூடிக்கு உட்புறம் ஒட்டுகிறோம். பிரித்ததும் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது. நீங்களும் அப்படிச் செய்தால் சாயம் அட்டையில் படாது.

தறிவீடு, 7 ஜூன், காலை 9.30

செக்கு அண்ணா, சாயம் அட்டையில் படவில்லை, வாடிக்கையாளரின் சட்டையில்தான் படுகிறது. ஆனாலும் மேல்மூடிக்கு உள்ளே ஒட்டும் யோசனையை எடுத்துக்கொண்டேன். இதுவரை விரிப்பின் மடிப்புக்குள் செருகிக்கொண்டிருந்தோம். ஒருவர் அட்டையோடு சேர்த்தே வாஷிங் மெஷினில் போட்டிருக்கிறார்.

தறிவீடு, 8 ஜூன், இரவு 9.00

முதல் வரைவு. கருத்துச் சொல்லவும்.

"எங்கள் தறியில் நெய்த விரிப்பை வாங்கியமைக்கு நன்றி. முதல் முறை துவைக்கும்போது தனியாக, குளிர்ந்த நீரில், ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு ஊறவைத்துத் துவைக்கவும். சாயம் நிலைத்துவிடும். நிழலில் உலர்த்தவும். ஒரு முறை துவைத்துப் பயன்படுத்திய பிறகு உங்கள் கருத்தை எழுதவும்."

சாயப்பட்டறை, 9 ஜூன், காலை 7.20

உப்பு வரியை எடுத்துவிடவும். பட்டறையில் முப்பது ஆண்டு நின்றவன் என்பதால் சொல்கிறேன். பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது தொட்டியில் உப்பு போடுவது உண்மைதான். நீரில் கலந்த சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்காக அதைப் போடுகிறோம். பிறகு சோடா சேர்க்கும்போதுதான் சாயம் நூலைப் பிடிக்கிறது. பிடிக்காமல் மிஞ்சிய சாயத்தைச் சுடுநீரில் சோப்புப் போட்டு அலசி எடுக்க வேண்டும். அந்த அலசலில் அவசரப்பட்டால் மிச்சச் சாயம் நூலிலேயே தங்கி, வாடிக்கையாளர் வீட்டு வாளியில் இறங்கும். அந்த வாளியில் கல்லுப்பு போட்டால் ஒன்றும் நிலைக்காது. உப்பு போட்ட பிறகும் சாயம் இறங்கினால், அட்டையில் பொய் எழுதியவர் ஆகிவிடுவீர்கள்.

ஊறவைக்கவும் சொல்லாதீர்கள். இரவு முழுவதும் ஊறவைத்தால் அடர்நிறக் கரையிலிருந்து இறங்கிய சாயம் அதே விரிப்பின் வெள்ளைக் கட்டத்தில் ஏறிவிடும். நனைத்து, அலசி, உடனே பிழிந்து உலர்த்தச் சொல்லுங்கள்.

ஈரோட்டு மஞ்சள், 9 ஜூன், காலை 10.00

என் பாட்டி காலத்திலிருந்து உப்புதான் போடுகிறோம், ஒரு சேலைகூடச் சாயம் போனதில்லை.

சாயப்பட்டறை, 9 ஜூன், காலை 10.25

உப்பு போடாமல் ஒரு சேலையைத் துவைத்துப் பார்த்தீர்களா?

தறிவீடு, 10 ஜூன், இரவு 11.15

இரண்டு துண்டுகளை நானே சோதித்தேன். ஒரே சிவப்புக் கரை விரிப்பிலிருந்து வெட்டி, ஒன்றை உப்பு நீரிலும் மற்றதை வெறும் நீரிலும் பத்து நிமிடம் வைத்தேன். இரண்டு கிண்ணத்திலும் நீர் ஒரே அளவுக்குத்தான் சிவந்தது. இரண்டாம் அலசலில் இரண்டுமே ஏறக்குறையத் தெளிந்தன. ஆகவே அட்டையில் எழுத வேண்டியது, "முதல் அலசலில் நிறம் சிறிது இறங்கும், இரண்டாம் முறை நின்றுவிடும்" என்பதுதான். அதை முன்கூட்டியே படித்தவர் வாளியில் சிவப்பைப் பார்த்துப் பதறமாட்டார். சுருக்கத்தையும் மறைக்கப் போவதில்லை. எங்கள் 100 அங்குல விரிப்பு முதல் துவைப்பில் இரண்டு, மூன்று அங்குலம் சுருங்குகிறது, அப்படியே எழுதிவிடுகிறேன்.

அத்தைக்கு மட்டும் இதில் உடன்பாடில்லை. நன்றி சொல்லும் காகிதத்தில் குறையைச் சொல்வது, விருந்துக்கு வந்தவரிடம் சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது என்று இலை போடும்போதே சொல்வது போலாம்.

பல்லடத்து அக்கா, 11 ஜூன், காலை 6.40

அத்தை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நன்றி முன்புறம் தனியாக இருக்கட்டும், துவைப்பு பின்புறம் போகட்டும். மதிப்புரை கேட்கும் வரி துவைப்பு வரிகளுக்குக் கீழே வரட்டும். படிப்பவர் அட்டையைத் துவைக்கும் நாள் வரை எடுத்து வைப்பார். அன்றைக்கு அந்த வரி மறுபடியும் கண்ணில் படும்.

10% பற்றிக் கேட்க மறந்தேன். அந்தக் கணக்கை எப்போதாவது போட்டுப் பார்த்தீர்களா?

தறிவீடு, 12 ஜூன், இரவு 10.50

போட்டதில்லை. இப்போதுதான் போட்டேன், போடாமலேயே இருந்திருக்கலாம்.

இரட்டைப் படுக்கை விரிப்பு ஒன்றை 850 ரூபாய்க்கு விற்கிறேன். நூல், சாயம், கூலி, தையல் எல்லாம் சேர்த்து 560 ஆகிறது. உறை, டேப், அட்டைக்கு 20, கூரியருக்கு 80. மிஞ்சுவது 190. பத்து விழுக்காடு என்றால் 85 ரூபாய் போகிறது. கையில் நிற்பது 105. விலையில் பத்தில் ஒரு பங்குதானே என்று நினைத்து, லாபத்தில் ஏறக்குறையப் பாதியை அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு வேறு ஒரு கணக்கு வந்தது. இரண்டு விரிப்புகளைத் தனித்தனியாக அனுப்பினால் கூரியர் 160, கட்டும் செலவு 40. ஒரே பார்சலில் அனுப்பினால் கூரியர் 120, கட்டும் செலவு 25. மொத்தம் 55 ரூபாய் மிஞ்சுகிறது. ஆகவே நேரடி அட்டையில், "அடுத்த முறை இரண்டாக வாங்கினால் ரூ.50 குறைவு" என்று எழுதினால் என் கையிலிருந்து ஒன்றும் போகாது, கூரியர்காரருக்குப் போகும் காசுதான் வாடிக்கையாளருக்குப் போகும். ஒன்று மட்டும் வாங்குகிறவருக்குத் தள்ளுபடி கிடையாது.

பல்லடத்து அக்கா, 13 ஜூன், காலை 6.05

சரியான கணக்கு. கடைசித் தேதி ஒன்றும் போடுங்கள், இல்லாவிட்டால் மூன்று ஆண்டு கழித்து அட்டையோடு ஒருவர் வருவார். ஆனால் "30 நாளுக்குள்" என்று போடாதீர்கள். விரிப்பு வாங்கியவர் அடுத்த மாதமே இன்னொன்று வாங்க மாட்டார், தீபாவளிக்கோ பொங்கலுக்கோதான் வாங்குவார். "வரும் பொங்கல் வரை" என்றால் அவருக்கும் நினைவில் நிற்கும்.

அச்சுமை (கோவை), 14 ஜூன், பிற்பகல் 1.10

அச்சகத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தவன். அச்சுக்குக் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் தமிழ் வாசகத்தை அனுப்பி, "அண்ணா, அப்படியே போட்டுடுங்க" என்று சொல்லாதீர்கள். பல அச்சகங்களில் இன்னும் பழைய கோரல்டிராவும் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களும்தான் ஓடுகின்றன. ஒட்டும்போது கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளிப்போய் நிற்கும், சில இடத்தில் புள்ளி காணாமல் போகும். பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள், அச்சடிக்கும் முன் புரூப் வாங்கி, வாசகத்தை எழுதாத வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால் பளபளப்பு லாமினேஷன் வேண்டாம். பேனா மை வழுக்கும், விரல் பட்டால் இழுசும். லாமினேஷன் இல்லாத 300 ஜி.எஸ்.எம். அட்டையே போதும்.

கியூஆர் போடுவதானால், முகவரியையே நேரடியாகக் குறியீடாக்குங்கள். இலவசமாகச் செய்து தரும் சில இணையதளங்கள் தங்கள் முகவரி வழியாகத் திருப்பி அனுப்புகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் குறியீடு செத்துவிடும், அச்சடித்த ஆயிரமும் குப்பை. அளவு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, சுற்றிலும் வெள்ளை விளிம்பு இருக்க வேண்டும்.

தறிவீடு, 22 ஜூன், இரவு 9.30

இறுதி வாசகம். முன்புறம் இரண்டு அட்டைக்கும் பொது:

"இந்த விரிப்பு சென்னிமலையில் நெய்தது. எங்களிடம் வாங்கியமைக்கு நன்றி. பார்சல் கட்டியவர்: ________"

பின்புறம், சந்தைத் தள அட்டை:

"முதல் முறை தனியாக, குளிர்ந்த நீரில் அலசி, உடனே பிழிந்து நிழலில் உலர்த்தவும். முதல் அலசலில் நிறம் சிறிது இறங்கும். இரண்டாம் முறை நின்றுவிடும். நீளத்தில் இரண்டு, மூன்று அங்குலம் சுருங்கும். அதற்கும் சேர்த்தே நீளம் வைத்து நெய்திருக்கிறோம். துவைத்துப் பயன்படுத்திய பிறகு, உங்களுக்குத் தோன்றியதை ஆர்டர் பக்கத்தில் எழுதுங்கள். ஏதேனும் கேட்க வேண்டுமானால் அதே பக்கத்தில் விற்பனையாளருக்குச் செய்தி அனுப்பலாம்."

நேரடி அட்டையில் துவைப்பு வரிகள் இவையே. அதன் கீழே வாட்ஸ்அப் எண்ணும், "இரண்டாக வாங்கினால் ரூ.50 குறைவு, வரும் பொங்கல் வரை" என்ற வரியும் இருக்கும். மதிப்புரைக்கும் அந்த ஐம்பதுக்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றாமல் இருக்க, நேரடி அட்டையில் மதிப்புரை கேட்கவே இல்லை.

ஈரோட்டு மஞ்சள், 23 ஜூன், காலை 9.15

டெல்லிக்கும் மும்பைக்கும் போகும் பார்சலில் தமிழ் அட்டையை யார் படிப்பார்கள்?

தறிவீடு, 23 ஜூன், காலை 9.50

இந்தக் கேள்வியை இருபது நாள் கழித்துக் கேட்ட மஞ்சள் அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி. சந்தைத் தளப் பார்சல்களில் கணிசமானவை வடக்கேதான் போகின்றன. அந்த அட்டையின் பின்புறத்தை ஆங்கிலத்தில் மாற்றுகிறேன். முன்புறத்தில் "நன்றி" மட்டும் தமிழில் பெரிதாக நிற்கட்டும்.

தறிவீடு, 19 ஜூலை, இரவு 10.10

ஒரு விபத்து. ஆடித் தள்ளுபடியில் ஒரே நாளில் பதினெட்டுப் பார்சல் கட்ட வேண்டியிருந்தது. அத்தை அவசரத்தில் நேரடி அட்டைகளை எடுத்துச் சந்தைத் தளப் பார்சல்கள் ஆறில் ஒட்டிவிட்டார். இரண்டு அட்டையின் முன்புறமும் ஒன்று போலவே இருந்ததால் தவறு என்னுடையதுதான். ஆறையும் திரும்பப் பிரித்தோம். இப்போது நேரடி அட்டைகளின் மூலையை மஞ்சள் மையால் தடவி வைத்திருக்கிறேன், கட்டும் மேசையிலும் ஒரு நேரத்தில் ஒரு வகைப் பார்சலை மட்டும் வைக்கிறோம். அடுத்த அச்சில் மூலையையே மஞ்சளாக அடிக்க வேண்டும்.

பல்லடத்து அக்கா, 20 ஜூலை, காலை 6.20

அடுத்த அச்சில் அளவையே மாற்றுங்கள். அவசரத்தில் நிறம் கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அளவு தெரியும்.

தறிவீடு, 28 செப்டம்பர், இரவு 9.45

அட்டை பலித்ததா என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஜூலையிலிருந்து நேரடிப் பார்சல்களில் ஒற்றைப்படை எண்ணுக்கு ஐம்பது ரூபாய் வரி உள்ள அட்டையும், இரட்டைப்படை எண்ணுக்கு அந்த வரி இல்லாத அட்டையும் வைத்தேன். ஐம்பது, ஐம்பதாக நூறு பார்சல் போயிற்று. தள்ளுபடி அட்டை பெற்றவர்களில் ஐந்து பேரும், மற்றதில் நான்கு பேரும் திரும்ப வாங்கினார்கள்.

ஈரோட்டு மஞ்சள், 28 செப்டம்பர், இரவு 10.05

ஐந்து பெரியது. தள்ளுபடி வென்றது.

பல்லடத்து அக்கா, 29 செப்டம்பர், காலை 6.10

ஒரு வாடிக்கையாளருக்குக் கல்யாணம் வந்தால் அந்தக் கணக்கு புரண்டுவிடும் அண்ணா. ஐந்துக்கும் நான்குக்கும் நடுவில் ஒன்றும் சொல்ல முடியாது. பொங்கல் தாண்டி, இன்னும் பல நூறு பார்சல் போன பிறகு பார்க்கலாம்.

தறிவீடு, 29 செப்டம்பர், இரவு 9.20

ஒப்புக்கொள்கிறேன். எண்ணிப் பார்க்க முடிந்தது ஒன்றுதான். ஜூலைக்குப் பிறகு சாயம் பற்றி வந்த மதிப்புரை ஒன்றே ஒன்று. அதில் அவர், "முதலில் நிறம் இறங்கியது, அட்டையில் சொன்னபடி பிறகு நின்றது" என்று எழுதி நான்கு நட்சத்திரம் போட்டிருக்கிறார். ஆனால் ஆகஸ்டில் சாயப்பட்டறையையும் மாற்றினேன். ஆகவே அது அட்டையின் வேலையா, அலசலின் வேலையா என்று எனக்குத் தெரியவில்லை.

சாயப்பட்டறை, 29 செப்டம்பர், இரவு 9.50

அலசல்.

தறிவீடு, 3 அக்டோபர், காலை 8.30

தீபாவளிக்கான புரூப் நேற்று வந்தது. நேரடி அட்டை சிறியது, மூலையும் மஞ்சள். அத்தையைப் படிக்கச் சொன்னேன். பிழை ஒன்றும் இல்லை என்றார். "கட்டியவர்" என்ற இடத்தில் விட்டிருக்கும் கோடு மட்டும் போதவில்லையாம், அவருடைய பெயர் நீளமானது. கோட்டை அரை அங்குலம் நீட்டச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.